நாய் கடித்த பின்: பதினைந்து நிமிடக் கழுவலும் ஒரு மாதத் தடுப்பூசியும்

விசர்நாய்க்கடி நோய் என்று நாம் சொல்லும் ரேபிஸ், அறிகுறி தென்பட்ட பிறகு ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறித்துவிடும். அந்தக் கட்டத்தில் கொடுப்பதற்கு நம்பத்தகுந்த மருந்து எதுவும் இல்லை. ஆயினும் கடிபட்ட அன்றே முறையாகச் சிகிச்சையைத் தொடங்கினால், அதே நோயை அனேகமாக முழுமையாகவே தடுத்துவிடலாம். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் இருப்பது கால இடைவெளிதான். அந்த இடைவெளியில் கிருமி என்ன செய்கிறது என்பது விளங்கினால், காயத்தை ஏன் அவ்வளவு நேரம் கழுவச் சொல்கிறார்கள், ஊசியை ஏன் ஒரு மாதத்துக்கு நீட்டுகிறார்கள் என்பதும் விளங்கிவிடும்.

நோயுள்ள நாயின் உமிழ்நீரில் வைரஸ் இருக்கிறது. பல் பதிந்த இடத்தின் வழியாக அது தோலுக்கும் தசைக்கும் செல்கிறது. மற்றப் பல நோய்க்கிருமிகளைப் போல இது இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுவதில்லை. காயத்தின் அருகே சிறிது காலம் தங்கி, அங்குள்ள நரம்பு நுனிக்குள் நுழைந்து, நரம்பின் வழியாகவே மெதுவாக முள்ளந்தண்டை நோக்கியும் பின்னர் மூளையை நோக்கியும் ஏறுகிறது. இந்தப் பயணத்துக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும். ஒரு வாரத்துக்குள் நோய் வெளிப்பட்டவர்களும் உண்டு. ஓராண்டு கடந்து வெளிப்பட்டவர்களும் உண்டு. முகம், கழுத்து, கை விரல் ஆகிய இடங்களில் நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன, அல்லது மூளைக்கான தூரம் குறைவாக இருக்கிறது. ஆகவே அங்கு கடித்தால் அவகாசமும் குறைவு. சிறு பிள்ளைகள் நாயின் முக உயரத்திலேயே நிற்பதால், அவர்களுக்குப் படும் கடி பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான் அமைந்துவிடுகிறது.

நரம்புக்குள் நுழைந்த வைரஸைச் சவர்க்காரமும் எட்டாது, ஊசி மருந்தும் எளிதில் எட்டாது. எனவே செய்வதை எல்லாம் அது நுழைவதற்கு முன்னர் செய்ய வேண்டும்.

கழுவுதல்

ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பார்ப்போம். கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையில் விளையாடிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவனை, யாருக்கும் சொந்தமில்லாத நாயொன்று வலது கெண்டைக்காலில் கடித்துவிடுகிறது. இரண்டு பல் துளைகள், இரத்தம் கசிகிறது. நாயைத் தள்ளப் போனபோது ஆட்காட்டி விரலிலும் பல் பட்டுத் தோல் கிழிந்திருக்கிறது. வீட்டுக்கு ஓடி வந்ததும், அம்மம்மா அடுப்படியிலிருந்து, "கோப்பித்தூள் வைச்சு அமத்து பிள்ளை, இரத்தம் நிண்டிடும்" என்கிறார். தாய், "பொறுங்கோ அம்மா, முதல்ல கழுவுவம்" என்று மகனைக் குளியலறைக்குத் தூக்கிச் செல்கிறார். அந்த ஒரு முடிவிலேயே சிகிச்சையின் முதற்பகுதி தொடங்கிவிட்டது.

குழாயைத் திறந்து, ஓடும் நீரின் கீழ்க் காயத்தைப் பிடித்து, சவர்க்காரத்தை நன்றாக நுரைக்கத் தேய்த்துக் கழுவ வேண்டும். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரமானாலும் குளிக்கும் சவர்க்காரமானாலும் ஒன்றுதான். ரேபிஸ் வைரஸின் வெளிப்போர்வை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ச் சட்டியின் பிசுக்கைச் சவர்க்காரம் கரைப்பது போலவே அந்தப் போர்வையையும் கரைத்துவிடுகிறது. போர்வை இழந்த வைரஸ் நரம்பணுவைப் பற்ற முடியாது. ஆகவே வெறும் நீர் அள்ளி ஊற்றுவது போதாது. நுரை காயத்தின் உள்ளே செல்ல வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் கூறும் கால அளவு 15 நிமிடங்கள். இது கேட்பதைவிட நீண்ட நேரம் என்பதை ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவியவர்கள் அறிவார்கள். பிள்ளை அழும், கை சோரும், மூன்று நிமிடத்திலேயே "போதும்" என்று தோன்றும். கைபேசியில் நேரத்தை வைத்துவிட்டு, சவர்க்காரம் போட்டு அலசி, மீண்டும் போட்டு அலசி என்று மாறி மாறிச் செய்துகொண்டிருப்பதே நடைமுறைக்கு உகந்தது. பல் துளை வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும். எனவே துளையின் விளிம்பை விரலால் மெல்ல விரித்து, நீர் உள்ளே ஓடும்படி பிடிக்க வேண்டும். தூரிகையால் உரசுவதோ, பிதுக்கி இரத்தம் எடுப்பதோ, வாயால் உறிஞ்சுவதோ கூடாது. அவை தசையைக் கிழித்துப் புதிய நரம்பு நுனிகளைத் திறந்து வைக்கின்றன.

நீர்வெட்டு நேரமாக இருந்தால் வாளி நீரைக் கோப்பையால் தொடர்ந்து ஊற்றிச் செய்யலாம். இரத்தம் பீறிட்டு ஓடினால் மட்டும், முதலில் சுத்தமான துணியால் அழுத்தி அதை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். கழுவுவதை அங்கே செய்வார்கள். கண்ணிலோ வாய்க்குள்ளோ உமிழ்நீர் பட்டால் சவர்க்காரம் வேண்டாம், சுத்தமான நீரே நெடுநேரம் ஓட வேண்டும். வேலைத்தளத்திலோ பஸ்ஸிலோ கடிபட்டுச் சில மணி நேரம் கழித்தே வீடு சேர்ந்தவர் இனிக் கழுவிப் பயனில்லை என்று விட்டுவிடலாகாது. பிந்திக் கழுவுவதும் கழுவாமல் விடுவதைவிட மேலானது.

கழுவியதும் பொவிடோன் அயடின் இருந்தால் பூசலாம். இல்லாவிட்டால் அதைத் தேடிக் கடைக்கு ஓடி நேரத்தை இழக்க வேண்டியதில்லை. கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய் ஆகியவற்றில் எதுவும் வைரஸைக் கொல்வதாகக் காட்டப்படவில்லை. அவை காயத்தை எரித்துப் புண்ணாக்குவதுடன், வைத்தியர் காயத்தின் ஆழத்தைப் பார்ப்பதையும் மறைத்துவிடுகின்றன. இறுக்கமாகக் கட்டுப் போடவும் வேண்டாம். தையல் போடலாமா என்பதையும் வைத்தியரே முடிவு செய்வார். முகம் போன்ற இடத்தில் தைத்தே ஆக வேண்டுமானால், பின்னால் சொல்லப்படும் எதிர்ப்பொருள் மருந்தைக் காயத்துக்குள் செலுத்திய பிறகே தளர்வாகத் தைப்பார்கள்.

எந்தக் கடிக்கு என்ன சிகிச்சை

கழுவி முடிந்ததும் அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கொழும்பில் பெரியவர்கள் தேசிய வைத்தியசாலைக்கும், பிள்ளைகள் பொரளையில் உள்ள லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும் செல்லலாம். போயா விடுமுறை, இரவு நேரம் என்று மறுநாளுக்குத் தள்ளிப்போடுவதில் எந்த நியாயமும் இல்லை; கிளினிக் மூடியிருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவு இயங்கும். அரச வைத்தியசாலையில் இந்த ஊசிகள் இலவசம்.

அங்கே முதலில் கேட்பது கடி எத்தகையது என்பதைத்தான். தோல் முழுமையாக இருக்கும் இடத்தை நாய் நக்கியதற்கோ அதைத் தொட்டதற்கோ சிகிச்சை தேவையில்லை. இரத்தம் வராத சிராய்ப்புக்கும் மேலோட்டமான கடிக்கும் தடுப்பூசி மட்டும் போதும். பல் அல்லது நகம் தோலைத் துளைத்து இரத்தம் வந்தாலும், ஏற்கெனவே உள்ள புண்ணிலோ கண், வாய் ஆகியவற்றின் உட்புறத்திலோ உமிழ்நீர் பட்டாலும், தடுப்பூசியுடன் எதிர்ப்பொருள் மருந்தும் தேவை. நமது எடுத்துக்காட்டில் உள்ள சிறுவன் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவன். பூனையின் கீறலையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறார்கள். பூனைதானே என்று விடுவது ஆபத்து. குட்டி நாய்க்கு விசர் வராது என்ற நம்பிக்கையும் தவறு. ஒழுங்கையிலிருந்து தூக்கி வந்து வளர்க்கத் தொடங்கிய குட்டியின் பின்னணி யாருக்கும் தெரியாது.

அடுத்த கேள்வி நாயைப் பற்றியது. அது யாருடைய நாய், ஒழுங்காகத் தடுப்பூசி போட்டதா, அதன் அட்டை இருக்கிறதா, இப்போது கட்டி வைத்துப் பார்க்க முடியுமா என்பவற்றை வைத்தியர் கேட்பார். நோயுள்ள நாயின் உமிழ்நீரில், அதற்கு அறிகுறி தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்பே வைரஸ் வரத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கட்டத்திலுள்ள நாய் அடுத்த சில நாட்களுக்குள் நோயுற்று இறந்துவிடும். கடித்த நாயைக் கண்காணிப்பதன் அடிப்படை இதுதான். உலக சுகாதார நிறுவனம் 10 நாட்களைக் குறிப்பிடுகிறது. இலங்கையில் 14 நாட்கள் பார்க்கச் சொல்வது வழக்கம். முறையாகத் தடுப்பூசி போட்ட, கண்காணிக்கக்கூடிய வீட்டு நாய் என்றால், சிகிச்சையைத் தொடங்குவதா அல்லது காத்திருப்பதா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். அந்தத் தீர்மானத்தை வீட்டார் தாமே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒழுங்கை நாய், காணாமல் போன நாய், கொல்லப்பட்ட நாய் என்றால் காத்திருப்பதற்கு ஒன்றுமில்லை. சிகிச்சை உடனே தொடங்கப்படும்.

கடித்த நாய் இறந்தால் அதைப் புதைத்துவிடாமல், பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும். தலையைப் பனிக்கட்டியில் வைத்து பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பி மூளையைப் பரிசோதிக்கலாம். அறிக்கை வரும்வரை ஊசியை நிறுத்தி வைக்கக் கூடாது.

எதிர்ப்பொருள் மருந்து

தடுப்பூசி உடலுக்கு வைரஸை அடையாளம் காட்டிக் கொடுக்கிறது. எதிர்ப்பொருளை உடல்தான் உண்டாக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் செல்லும். அந்த ஒரு வாரத்தில் கெண்டைக்காலில் எஞ்சியிருக்கும் வைரஸ் சும்மா இராது. இந்த இடைவெளியை நிரப்பவே, ஆயத்தமான எதிர்ப்பொருளை இம்யூனோகுளோபியூலின் என்ற மருந்தாக வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது ஒரு வகை, மனிதரின் இரத்தத்திலிருந்து எடுப்பது இன்னொரு வகை.

குதிரை வகையின் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 40 அலகு. மனித வகைக்கு 20 அலகு. நமது சிறுவனின் எடை 20 கிலோ என்று வைத்துக்கொண்டால், அவனுக்குக் குதிரை வகையில் 800 அலகு தேவை. ஒரு மில்லிலீட்டரில் 200 அலகு கொண்ட மருந்தெனில் அது 4 மில்லிலீட்டர் ஆகிறது. இந்த 4 மில்லிலீட்டரையும் கையிலோ புட்டத்திலோ போட்டு அனுப்பிவிட்டால் அதன் நோக்கமே கெட்டுவிடும். மருந்து வைரஸ் இருக்கும் இடத்துக்கே போக வேண்டும். எனவே பல் துளைகளின் உள்ளும் சுற்றிலும் ஊசியைச் செருகிச் சிறிது சிறிதாகச் செலுத்துகிறார்கள். ஆட்காட்டி விரலில் இடம் குறைவு. அளவுக்கு மீறிச் செலுத்தினால் விரல் வீங்கி இரத்த ஓட்டம் தடைப்படும். ஆகவே அங்கே கொள்ளும் சிறு அளவை மட்டும் செலுத்திவிட்டு, பெரும்பகுதியைக் கெண்டைக்காலில் செலுத்துவார்கள். காயங்கள் பல இருந்து மருந்து போதாது போலத் தெரிந்தால், அதிகபட்ச அளவை மீறாமல், உப்புக் கரைசலால் ஐதாக்கி எல்லாக் காயங்களுக்கும் பங்கிடுவார்கள். பிள்ளை கதறும் என்று எண்ணி ஒரு காயத்தை விட்டுவிடுமாறு பெற்றோர் கேட்கக் கூடாது. விடுபட்ட காயமே நோய்க்கு வாசலாகிவிடலாம். விரலில் சிறிய கீறல்தானே என்று வைத்தியரிடம் சொல்லாமல் விடுவதும் இதே ஆபத்துத்தான். உடலில் உள்ள எல்லாக் காயங்களையும் காட்ட வேண்டும்.

குதிரை வகையில் சிலருக்கு ஒவ்வாமை ஏற்படலாம். அதனால் முதலில் தோலில் சோதித்துப் பார்த்து, அவசர மருந்துகளை அருகில் வைத்துக்கொண்டு, பிறகு வார்டில் வைத்துக் கண்காணிப்பது வழக்கம். ஒரு வாரம் பத்து நாள் கழித்து மூட்டு வலி, தோல் தடிப்பு, காய்ச்சல் ஆகியவை வந்தால் வைத்தியசாலைக்குத் திரும்பிச் சென்று சொல்ல வேண்டும். இந்த மருந்து ஒரே ஒரு தடவைதான் கொடுக்கப்படுகிறது. முதல் நாள் கிடைக்காவிட்டால், முதலாவது தடுப்பூசி போட்டதிலிருந்து ஏழு நாட்களுக்குள் கொடுக்கலாம். அதற்குப் பிறகு உடலே தன் எதிர்ப்பொருளை உண்டாக்கத் தொடங்கிவிடுவதால் பயனில்லை.

தடுப்பூசி அட்டவணை

அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி வரிசையாகப் போட்ட ஊசியைப் பற்றிய பயம் இன்னும் வயதானவர்களின் பேச்சில் இருக்கிறது. அது நரம்புத் திசுவிலிருந்து செய்த பழைய மருந்து. இன்று பயன்படுவது கலவளர்ப்பில் உண்டாக்கும் மருந்து; மேற்கையில்தான் போடுகிறார்கள்.

இலங்கை அரச வைத்தியசாலைகளில் பெரும்பாலும் இது தோலின் மேலடுக்குக்குள் செலுத்தப்படுகிறது. ஒரு இடத்துக்கு 0.1 மில்லிலீட்டர் மட்டுமே. சரியாகப் போட்டால் தோடம்பழத் தோலைப் போல நுண்குழிகளுடன் சிறு கொப்புளம் ஒன்று உடனே எழும். எழாவிட்டால் ஊசி ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம்; தாதி அருகில் மறுபடி போடுவார், அதில் பதற்றப்பட ஏதுமில்லை. ஒரு குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் பலருக்குப் பங்கிட்டு முடிக்க வேண்டும். கிளினிக் குறித்த நேரத்துக்கே வரச் சொல்வதற்கு இது ஒரு காரணம். முழு அளவைத் தசைக்குள் போடும் முறையும் உண்டு. அப்போது பெரியவர்களுக்கு மேற்கையிலும், சிறு குழந்தைகளுக்குத் தொடையிலும் போடுவார்கள். புட்டத்தில் போடுவதில்லை, ஏனெனில் அங்குள்ள கொழுப்பு மருந்தின் பலனைக் குறைத்துவிடும்.

நாட்களைக் கணக்கிடுவதில் வீடுகளில் அடிக்கடி தடுமாற்றம் ஏற்படுகிறது. முதல் ஊசி போடும் நாளுக்குப் பெயர் "நாள் 0". அதன் பின் 3ஆம், 7ஆம், 30ஆம் நாட்களில் ஊசி. ஒக்டோபர் 5 திங்கட்கிழமை சிறுவனுக்கு முதல் ஊசி என்றால், அந்தத் திங்களை ஒன்று என்று எண்ணக் கூடாது. 3ஆம் நாள் ஒக்டோபர் 8 வியாழன், 7ஆம் நாள் ஒக்டோபர் 12 திங்கள், 30ஆம் நாள் நவம்பர் 4 புதன். திங்களை ஒன்றென எண்ணத் தொடங்கினால் எல்லாத் திகதிகளும் ஒரு நாள் முன்னால் வந்துவிடும். கணக்கு 0 தொடங்குவது கடிபட்ட நாளிலிருந்தல்ல, முதல் ஊசியிலிருந்து. இரண்டு நாள் பிந்தி வந்தவருக்கும் வந்த நாளே நாள் 0. தசைக்குள் போடும் முறையிலும், எதிர்ப்பொருள் மருந்து சேர்ந்ததா என்பதைப் பொறுத்தும் நாட்களும் ஊசிகளின் எண்ணிக்கையும் மாறலாம். ஆகவே பக்கத்து வீட்டாரின் அட்டையை ஒப்பிடாமல், உங்கள் அட்டையில் எழுதிய திகதிகளையே பின்பற்றுங்கள்.

காயம் ஆறிவிட்டது, பிள்ளை ஓடி விளையாடுகிறது என்ற காரணத்தால் கடைசி ஊசியை விட்டுவிடுவோர் உண்டு. காயம் ஆறுவதற்கும் நோய் வராமலிருப்பதற்கும் தொடர்பில்லை. தோல் மூடிய பிறகுதான் வைரஸ் தன் பயணத்தை அமைதியாக நடத்துகிறது. ஒரு திகதி தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முடிந்த அளவு விரைவில் போய் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஊசி போட்ட இடம் சிவந்து அரிக்கலாம், இலேசான காய்ச்சல் வரலாம். அதற்காக நிறுத்த வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், கைக்குழந்தைகளுக்கும் இதைப் போடலாம். ஸ்டெரொயிட் மருந்து, புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவை நடந்துகொண்டிருந்தால் அதை முதல் நாளே சொல்ல வேண்டும். அவர்களுக்கு முறை மாறும். மீன், முட்டை, கத்தரிக்காய் என்று பத்தியம் எதுவும் இல்லை. ஏற்பூசியும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் தேவையா என்பதை வைத்தியர் அதே வேளையில் பார்த்துக்கொள்வார். ரேபிஸ் ஊசி போட்டதால் ஏற்பூசி போட்டதாகாது.

சிகிச்சை முடிந்ததும் அட்டையை எறிந்துவிடாதீர்கள். அதே பிள்ளையை மூன்று வருடம் கழித்து இன்னொரு நாய் கடித்தால், முன்னைய ஊசிகளின் விபரம் கையில் இருக்கும்போது எதிர்ப்பொருள் மருந்து பொதுவாகத் தேவைப்படாது. தடுப்பூசியும் குறைவான தடவைகளே போடப்படும். அட்டை தொலைந்து எவருக்கும் திகதி நினைவில்லை என்றால், வைத்தியர் அவனை ஒருபோதும் ஊசி போடாத பிள்ளையாகவே கருதி, புதிய காயங்களுக்குள் ஊசி செருகுவதை மீண்டும் தொடங்க வேண்டி வரும். இரண்டாவது கடியானாலும் சவர்க்காரமும் 15 நிமிடமும் அப்படியே இருக்கின்றன.